கால் பண்ணினால் 5ஜி ஏன் 4ஜி ஆகிறது?

கேள்வி: “போனில் 5ஜி காட்டுகிறது. யாருக்காவது கால் பண்ணினால் உடனே 4ஜி ஆகிவிடுகிறது, வைத்ததும் திரும்ப 5ஜி. தம்பியும் அதே கம்பெனி சிம்தான், அவன் பேசும்போதும் 5ஜி அப்படியே நிற்கிறது. எனக்கும் வாட்ஸ்அப் காலில் மாறுவதில்லை. கோளாறு போனிலா, சிம்மிலா, டவரிலா?”

பெரும்பாலும் எதிலும் கோளாறு இல்லை. நெட்வொர்க் தெரிந்தே உங்கள் காலை 4ஜிக்கு அனுப்புகிறது. இபிஎஸ் ஃபால்பேக் என்று அதற்குப் பெயர். நான் டவர்களின் ரேடியோ பக்கத்தைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். காரில் லேப்டாப்பும் நாலைந்து போன்களும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கால் போட்டு, போனும் டவரும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளைப் பதிவு செய்து லாக் எடுப்பதுதான் பிழைப்பு. நீங்கள் சொன்னதில் மிக உதவியான தகவல் அந்த வாட்ஸ்அப் விஷயம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

4ஜியிலும் 5ஜியிலும் குரலுக்கென்று தனி லைன் கிடையாது. சாதாரண கால் ஆனாலும் வாட்ஸ்அப் கால் ஆனாலும் குரல் டேட்டா பாக்கெட்டாகத்தான் போகிறது. ஆனால் இரண்டும் போகிற வழி வேறு. வாட்ஸ்அப் பாக்கெட்டுகள் யூடியூப், பிரவுசர் எல்லாம் போகிற அதே பொது வழியில் போகின்றன. அதில் குரல் இருக்கிறது என்று டவருக்குத் தெரியாது, அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. டயல் செய்து பேசும் கால் அப்படி இல்லை. அது ஐஎம்எஸ் என்ற தனி அமைப்பு வழியாகப் போகிறது. கால் தொடங்கும்போது அந்த அமைப்பு டவரிடம் குரலுக்காக இடம் ஒதுக்கச் சொல்லும். 5ஜியில் இந்த ஒதுக்கீட்டின் அடையாள எண் 5கியூஐ 1. போனிலிருந்து, டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மைய அமைப்பான கோர் நெட்வொர்க்குக்குப் போய்ச் சேர ஒரு பாக்கெட் 100 மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது, நடுவில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் இந்த இடம் குறையக் கூடாது என்பது அதன் பொருள். இந்தக் கோரிக்கைக்கு டவர் ‘சரி’ சொன்னால் கால் 5ஜியிலேயே நடக்கும். அதுதான் வோஎன்ஆர். சில போன்களின் செட்டிங்கில் Vo5G என்று இருக்கும். ‘முடியாது’ என்று சொன்னால் 4ஜிக்குத் தள்ளப்பட்டு வோல்ட்டியாக நடக்கும். வாட்ஸ்அப் அந்தக் கோரிக்கையை வைப்பதே இல்லை, அதனால் உங்களுக்கு எதுவும் மாறுவதில்லை.

லாக்கில் இது வரிசையாகத் தெரியும். நீங்கள் பச்சைப் பட்டனை அமுக்கியதும் போன் ‘இன்வைட்’ என்ற செய்தியை 5ஜி வழியாகவே அனுப்புகிறது. அதுவரை ஐகான் 5ஜிதான். ஐஎம்எஸ் அதை வாங்கிக்கொண்டு குரலுக்கு இடம் கேட்கிறது, கோரிக்கை கோர் நெட்வொர்க் வழியாக டவருக்கு வருகிறது. டவர் மறுத்து, காரணமாக IMS voice EPS fallback or RAT fallback triggered என்று பதில் எழுதுகிறது. பெயரைப் பார்த்தால் பிழைச் செய்தி மாதிரி இருக்கும், ஆனால் இது மொபைல் நெட்வொர்க் விதிகளை வகுக்கும் 3ஜிபிபி தன் தரநிலையிலேயே வரையறுத்து வைத்திருக்கும் பதில். கையோடு டவர் உங்கள் போனை 4ஜிக்குப் போகச் சொல்கிறது. போன் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டதும் அதே குரல் இடம் 4ஜி பக்கத்தில் ஒதுக்கப்படுகிறது. நீங்கள் அனுப்பிய இன்வைட் செல்லாமல் போகவில்லை, அதே கால்தான் தொடர்கிறது. எதிராளியின் போன் அடிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அதனால் பேச்சு நடுவில் எதுவும் அறுபடாது. டயல் செய்ததற்கும் ரிங் கேட்பதற்கும் நடுவில் இருக்கும் அமைதி மட்டும் கொஞ்சம் நீளும்.

எவ்வளவு நீளும் என்பது மாற்றும் விதத்தைப் பொறுத்தது. 5ஜி கோரும் 4ஜி கோரும் என்26 என்ற இணைப்பால் பேசிக்கொண்டால் போனை நேராக ஒரு 4ஜி டவரிடம் ஒப்படைத்துவிடலாம். இன்னொரு வழி, 5ஜி இணைப்பைத் துண்டித்து, ‘இந்த அலைவரிசையில் 4ஜி இருக்கிறது, போய்ப் பிடித்துக்கொள்’ என்று அனுப்பிவிடுவது. இதில் போன் தானே தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதால் கூடுதல் நேரமாகும். அழைப்பவர், எடுப்பவர் இருவருமே 5ஜியில் இருந்தால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக ஃபால்பேக் நடக்கும், இரண்டு தாமதமும் சேரும். சிலருக்குப் போட்டால் சட்டென்று ரிங் போகும், சிலருக்குப் போட்டால் யோசித்து யோசித்துப் போகும் என்று நினைத்திருந்தால், பாதிக் காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம்.

டவர் ஏன் மறுக்கிறது? 5ஜியில் வேகம் அவ்வளவு இருக்கும்போது குரலுக்கா இடமில்லை என்று தோன்றும். குரலுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்தான். குரலைச் சுருக்கி டேட்டாவாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர், பரவலாக இருக்கும் எச்டி குரல் கோடெக் 12.65 கிலோபிட் வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு 20 மில்லி செகண்டுக்கும் சுமார் 32 பைட். அதன் மேல் ஒட்டும் முகவரி விவரங்கள் ஐபிவி6-இல் 60 பைட், குரலைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அந்த விவரங்களை ஒரு சில பைட்டுக்குச் சுருக்கி அனுப்ப ஏற்பாடு உண்டு. ஆக வேகம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை இந்தச் சின்னப் பாக்கெட் நொடிக்கு 50 முறை தவறாமல் போனிலிருந்து டவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

போன் சாதாரணமாக வெளியிடும் உச்ச சக்தி 200 மில்லிவாட். டவர் பல பத்து வாட்களில் பேசுகிறது. அதனால் டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும் தூரத்தில் நீங்கள் சொல்வது அதற்குக் கேட்காது. 5ஜியின் முக்கிய அலைவரிசையான 3.5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவருக்குள் வரும்போதே நிறைய இழக்கிறது. மேலும் அதில் டவர் பேசுவதும் போன் பேசுவதும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்து நடக்கிறது, பெரும்பங்கு நேரம் டவருக்குப் போய்விடும். டவுன்லோடு பறக்கிற இடத்திலேயே போனிலிருந்து மேலே போகும் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதை லாக்கில் அடிக்கடி பார்ப்போம். வீடியோ பார்ப்பவருக்கு இது தெரியாது, முன்கூட்டியே இறங்கிய பகுதி ஓடிக்கொண்டிருக்கும். பேசுபவருக்கு அரை நொடி விட்டாலே ‘ஹலோ, ஹலோ’தான். 5ஜியில் தொடங்கிய காலை நடுவழியில் 4ஜிக்கு மாற்றவும் முடியும். ஆனால் சிக்னல் விழுந்துகொண்டிருக்கும்போது மாற்றுவது, பேச்சு தொடங்கும் முன்பே மாற்றுவதை விட ஆபத்து அதிகம். அதனால் 5ஜி டவர்கள் இன்னும் நெருக்கமாக இல்லாத ஊர்களில் எல்லாக் காலையும் தொடக்கத்திலேயே 4ஜிக்கு அனுப்பிவிடு என்று அமைத்து வைப்பது பொறுப்பான முடிவுதான். இதை ஒளித்து வைப்பதற்கு மட்டும் காரணம் எனக்குப் புரிவதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் ‘போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்பார்கள்.

இது இந்தியாவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டி-மொபைல் 2020 ஆகஸ்டில் தனித்து இயங்கும் 5ஜியை நாடு முழுக்கத் தொடங்கியது. அதில் வோஎன்ஆரை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2022 ஜூனில், அதுவும் போர்ட்லண்ட், சால்ட் லேக் சிட்டி ஆகிய நகரங்களின் சில பகுதிகளில் மட்டும். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அங்கேயும் காலுக்கு 4ஜிதான் கை கொடுத்தது.

தனித்து இயங்கும் என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன், தம்பி போன் விஷயம் அதில்தான் இருக்கிறது. 5ஜி இரண்டு வகையாக ஓடுகிறது. எஸ்ஏ என்பது கோர் முதல் டவர் வரை 5ஜியே, ஜியோ 2022-இல் தொடங்கியபோது எடுத்த வழி அது. என்எஸ்ஏ என்பது 4ஜி கோரையும் 4ஜி டவரையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, டேட்டா வேகத்துக்காக மட்டும் 5ஜியைச் சேர்த்துக்கொள்வது, ஏர்டெல் அப்படித் தொடங்கியது. என்எஸ்ஏ-வில் வோஎன்ஆர் என்ற பேச்சே இல்லை. கால் எப்போதும் வோல்ட்டிதான். ஆனால் பேசும்போதும் அந்தக் கூடுதல் 5ஜி இணைப்பு ஒட்டிக்கொண்டே இருக்கலாம், மேலே 5ஜி என்று காட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே தம்பி போனில் 5ஜி நிற்பதை மட்டும் வைத்து அவருக்கு வோஎன்ஆர் கிடைக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இன்னொரு சாத்தியம், வீட்டு வைஃபையில் இருந்தபடி அவர் போன் வைஃபை காலிங்கில் பேசியிருக்கலாம். அப்போது குரல் டவர் பக்கமே போகாது, போன் 5ஜியை விட்டு இறங்க வேண்டிய தேவையும் வராது. எனக்கு வரும் ‘அவனுக்கு மட்டும் எப்படி’ கேள்விகளில் இந்த வைஃபைதான் அடிக்கடி மாட்டும்.

பிரித்துப் பார்ப்பது எளிது. இருவரும் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் ஒரே இடத்தில் நின்று, இரண்டு போனிலும் `*#*#4636#*#*` என்று டயல் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலான மாடல்களில் ஒரு சோதனைத் திரை வரும், சில கம்பெனிகள், குறிப்பாக சாம்சங், இதை மறைத்திருக்கும். அதில் Data Network Type என்ற வரியைப் பாருங்கள். அங்கே NR என்றால் 5ஜி, LTE என்றால் 4ஜி. சும்மா இருக்கும்போது NR அல்லது NR SA என்று இருந்தால் எஸ்ஏ. மேலே 5ஜி ஐகான் இருந்தும் இங்கே LTE அல்லது NR NSA என்று இருந்தால் என்எஸ்ஏ. பிறகு ஒரு கால் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதே திரைக்கு வாருங்கள். எஸ்ஏ-வில் இருந்து, பேசும்போதும் NR அப்படியே நின்றால் அது வோஎன்ஆர். NR இருந்த இடத்தில் LTE வந்தால் இபிஎஸ் ஃபால்பேக். அதே திரையின் மெனுவில் IMS Service Status என்று ஒன்று உண்டு. அதில் Registered என்று இல்லாவிட்டால் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தச் சோதனையில் தம்பி போன் பேசும்போது NR-இலேயே நின்று, உங்களுடையது LTE ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே டவர், ஒரே கம்பெனி என்றால் டவர் வோஎன்ஆர் தருகிறது என்பது உறுதியாகிவிடும். மிச்சம் சந்தேகம் உங்கள் போன் மேல்தான். போன் நெட்வொர்க்கில் சேரும்போது தன் திறமைகளின் பட்டியலை டவருக்குக் கொடுக்கும். அதில் voiceOverNR என்று ஒரு குறி உண்டு. அந்தக் குறி இல்லாத போனுக்கு டவர் யோசிக்காமல் ஃபால்பேக் கொடுத்துவிடும். குறி வராததற்குச் சிப் பழசாக இருப்பதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மோடம் திறமையானதாக இருந்தும், இந்த ஆபரேட்டருக்கு இதைத் திறக்கலாம் என்று போன் கம்பெனி அனுமதி கொடுக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனி அமைப்புக் கோப்பு போனுக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
vonr_enabled_bool = false
```

இந்த வரி true ஆவதற்கு முன் ஆபரேட்டரும் போன் கம்பெனியும் சேர்ந்து சோதிக்கிறார்கள். லிஃப்டுக்குள் போனால் என்ன ஆகிறது, காத்திருப்பில் இன்னொரு கால் வந்தால் என்ன, அவசர எண்ணுக்குப் போகிறதா என்றெல்லாம் பார்த்து முடிக்க மாதங்கள் ஆகும். அதிகம் விற்கும் மாடலுக்கு முதலில் நடக்கும், விற்பனை நின்ற மாடலுக்கு நடக்காமலே போகலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கி வந்த போனில் நம் ஊர் ஆபரேட்டருக்கான கோப்பே இல்லாமல் இருப்பதும் உண்டு. எனவே உங்களால் செய்ய முடிவது: சாஃப்ட்வேர் அப்டேட் போடுவது, சிம் செட்டிங்கில் Vo5G என்ற பட்டன் இருந்தால் போட்டுவைப்பது. ஐபோனில் 5G Standalone என்ற தேர்வு தெரிந்தால் அது ஆனில் இருக்கட்டும். பட்டனே இல்லை என்றால் உங்கள் மாடலுக்கு இன்னும் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிம் மாற்றுவதால் இது சரியாவது அபூர்வம். இரண்டு போனுமே LTE ஆகின்றன என்றால், அது டவர் அமைப்பா, உங்கள் இருவர் மாடலிலும் உள்ள குறையா என்பதைப் போனின் திரையை வைத்து யாராலும் சொல்ல முடியாது, நெட்வொர்க் பக்க லாக் வேண்டும்.

இதனால் உங்களுக்கு இழப்பு என்ன என்று பார்த்தால் மிகக் குறைவு. குரல் தரம் கோடெக்கைப் பொறுத்தது, வோல்ட்டியிலும் வோஎன்ஆரிலும் அதே கோடெக்குகள்தான் ஓடுகின்றன. ‘5ஜி காலில் குரல் தெளிவு’ என்று விளம்பரம் பார்த்தால் நம்ப வேண்டாம். ரிங் போக ஆகும் அந்தக் கூடுதல் நேரமும், பேசும்போது ஹாட்ஸ்பாட் கொடுத்திருந்தால் 4ஜி வேகத்துக்கு இறங்குவதும்தான் உண்மையான நஷ்டம். கால் முடிந்ததும் 4ஜி டவர் போனைத் திருப்பி 5ஜிக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு உடனே திரும்புகிறது, அதனால் அங்கே அமைப்பு சரியாக இருக்கிறது. சில இடங்களில் அப்படி அமைத்திருக்க மாட்டார்கள், ஏதாவது டவுன்லோடு ஓடிக்கொண்டிருந்தால் போன் ஓய்வுக்கு வரும் வரை 4ஜியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

கவலைப்பட வேண்டிய ஃபால்பேக் இதற்குக் கீழே ஒரு படி இருக்கிறது. IMS Service Status-இல் Not Registered என்று காட்டினால் வோல்ட்டியும் இல்லை, வோஎன்ஆரும் இல்லை. அப்போது கால் பண்ணினால் போன் 2ஜிக்கு இறங்கும், இது சிஎஸ் ஃபால்பேக். ரிங் போகப் பல நொடிகள் ஆகும், குரல் அடைத்தாற்போலக் கேட்கும், ஏனென்றால் எச்டி குரலில் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும் ஒலி இங்கே பெரும்பாலும் 3400-இல் வெட்டுப்பட்டுவிடும். பேசி முடிக்கும் வரை இன்டர்நெட் நின்றுவிடுவதுதான் நல்ல அடையாளம். கால் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மேப் நகராமல் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். செட்டிங்கில் வோல்ட்டி அணைந்திருப்பதோ, எண்ணில் அந்தச் சேவை ஏற்றப்படாமல் இருப்பதோ, வெளிநாட்டு மாடலோ காரணமாக இருக்கும். ஜியோ 2016-இல் 4ஜியோடு தொடங்கிய கம்பெனி, இறங்குவதற்கு அதனிடம் 2ஜியோ 3ஜியோ கிடையாது. அதனால் அந்தச் சிம்மில் ஐஎம்எஸ் பதிவு இல்லாவிட்டால் கால் மெதுவாகப் போவது என்பதற்கே இடமில்லை, போகவே போகாது.

ஆஸ்திரேலியாவில் இது எந்த அளவுக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் கடைசியில் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. அதற்கு முன் ஆராய்ந்தபோது ஒரு வகைப் போன் சிக்கியது. சாதாரணக் காலுக்கு வோல்ட்டியில் நன்றாகவே பேசும், ஆனால் அவசர எண்ணான 000-க்கு டயல் செய்தால் 3ஜிக்குத்தான் போகும் என்று உள்ளே அமைத்திருந்தார்கள். தினமும் பேசிக்கொண்டிருக்கும் சொந்தக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை. அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்புக் கொடுக்கவே கூடாது என்று அரசு விதி போட்டது, ஓடிக்கொண்டிருந்த போன்கள் முடக்கப்பட்டன. சாதாரணக் கால் போகும் வழியும் அவசரக் கால் போகும் வழியும் போனுக்குள் தனித்தனி அமைப்பு என்பதால் ஒன்று வேலை செய்வதை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன சோதனைத் திரையில் Set Preferred Network Type என்ற தேர்வில் NR only போட்டால் கால் 5ஜியிலேயே நிற்கும் என்று யூடியூபில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது வோஎன்ஆரைத் திறக்காது. 4ஜிக்கு இறங்கும் கதவை மட்டும் பூட்டும். டவர் குரலுக்கு இடம் மறுத்து 4ஜிக்குப் போகச் சொல்லும், போனுக்குப் போக இடம் இருக்காது, கால் விழுந்துவிடும். உங்களுக்கு வரும் காலுக்கும் இதே கதிதான். அந்த நேரமெல்லாம் இன்டர்நெட் வேகமாக ஓடிக்கொண்டே இருப்பதால் போன் அடிக்காமல் கிடப்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஏற்கெனவே போட்டிருந்தால், NR/LTE சேர்ந்த தேர்வுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை ஏரோபிளேன் மோடு போட்டு எடுங்கள்.